ரவுண்ட் தோற்றதும் எங்கே பார்க்க வேண்டும்: டிஎஃப்டி புதியவர்களுக்கு அறிகுறி வழி

ஆட்டோ பேட்லர் வகை ஆட்டங்கள் 2019 ஜனவரியில் வந்த டோட்டா ஆட்டோ செஸ் மூலம்தான் பரவலாகத் தெரிய வந்தன. அதே ஆண்டு ஜூனில் ரையட் நிறுவனம் டீம்ஃபைட் டாக்டிக்ஸை வெளியிட்டது. சுருக்கமாக டிஎஃப்டி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. எட்டுப் பேர், ஆளுக்கு 100 ஹெல்த். ஷாப்பில் யூனிட்டுகளை வாங்கிப் பலகையில் நிறுத்துகிறோம், சண்டையை அவை தாமாகவே போடுகின்றன. தோற்றால் ஹெல்த் குறைகிறது.

சண்டை நடக்கும்போது நம் கை கட்டப்பட்டிருப்பதால்தான் புதிதாக ஆடுகிறவர்களுக்குக் குழப்பம். தோல்வி கண்முன்னே நடக்கிறது, ஆனால் அதற்குக் காரணம் அரை நிமிடம் முன்பு ஷாப்பிலோ, நாலு ரவுண்ட் முன்பு செலவழித்த கோல்டிலோ இருக்கிறது. அதனால் பலர் அணி முழுவதையும் கலைத்துவிட்டு வேறொன்று கட்டத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லை. எந்த இடத்தில் பழுது என்று தெரிந்தால் ஒரு யூனிட்டை மாற்றினாலே போதும்.

தோற்ற ரவுண்ட் முடிந்ததும் முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, எதிராளியின் பக்கம் எத்தனை யூனிட் மிச்சம் நின்றது. நமக்கு விழும் அடி, அந்தக் கட்டத்துக்கான அடிப்படை அளவும் மிச்சம் நிற்கும் யூனிட்டுகளின் கணக்கும் சேர்ந்தது. ஒரு யூனிட் மிச்சம் என்றால் அணி சரிதான், கொஞ்சம் செதுக்கினால் போதும். ஐந்தாறு மிச்சம் என்றால் ஏதோ ஒன்று அடிப்படையிலேயே உடைந்திருக்கிறது. இரண்டாவது, திரையின் ஓரத்தில் வரும் சேதக் கணக்கு. எந்த யூனிட் எவ்வளவு அடித்தது என்று அது பட்டை பட்டையாகக் காட்டும். புதியவர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால், ஷாப்புக்கு அடுத்தபடி அதிகம் பார்க்க வேண்டியது அதைத்தான்.

டிஎஃப்டியில் சில மாதங்களுக்கு ஒருமுறை புது செட் வருகிறது. யூனிட்டுகளும், ஒரே பண்புள்ள யூனிட்டுகள் சேர்ந்தால் கிடைக்கும் சினர்ஜி என்ற கூடுதல் பலங்களும் மொத்தமாக மாறிவிடும். ஆனால் உள்ளே ஓடும் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அதனால் இங்கே 2019இல் வந்த முதல் செட்டிலிருந்தே உதாரணம் எடுக்கிறேன். அதன் சினர்ஜிகள் எளிமையானவை, எது ஏன் நடக்கிறது என்று சுலபமாகத் தெரியும்.

அந்தச் சமயத்தில் என் சித்தி பையன் ஆடக் கற்றுக்கொண்டிருந்தான். 3-2இல், அதாவது மூன்றாவது கட்டத்தின் இரண்டாவது ரவுண்டில், மோசமாகத் தோற்றுவிட்டு, "அண்ணா, மூணு சினர்ஜி எரியுது, அப்புறமும் எப்படித் தோக்குறேன்?" என்று கேட்டான். அவனுடைய பலகை இன்னும் நினைவில் இருக்கிறது. ஆறாவது லெவல், அதனால் ஆறு யூனிட்டுகள். கேரனும் வேய்னும் இரண்டு ஸ்டார், அதாவது ஒரே யூனிட் மூன்று சேர்ந்து பலம் கூடியவர்கள். ஃபியோரா, லூசியன், டேரியஸ், ஆஷ் நால்வரும் ஒரு ஸ்டார். பெஞ்சில் ப்ரௌம் சும்மா உட்கார்ந்திருந்தான். கையில் 8 கோல்ட். இந்தப் பலகையை வைத்தே அறிகுறிகளைப் பார்ப்போம்.

அறிகுறி: சினர்ஜி எல்லாம் எரிகிறது, ஆனாலும் தோல்வி

ஒரே பண்பு உடைய யூனிட்டுகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேர்ந்தால் அணிக்கு ஒரு கூடுதல் பலம் கிடைக்கும். அதுதான் சினர்ஜி. அது படிப்படியாக ஏறும். நோபல் என்ற சினர்ஜிக்கு முதல் செட்டில் இரண்டே படிகள்: 3, 6. மூன்று நோபல் இருந்தால் நம் யூனிட்டுகளில் ஏதோ ஒன்றுக்கு மட்டும் கவசமும், அடிக்கும்போது ஹெல்த் திரும்பும் பலமும் கிடைக்கும். அது யாருக்கு என்பது அதிர்ஷ்டம். ஆறு இருந்தால்தான் எல்லோருக்கும்.

தம்பியிடம் கேரன், ஃபியோரா, வேய்ன், லூசியன் என்று நான்கு நோபல்கள் இருந்தார்கள். மூன்றாவது ஆளோடு படி ஏறியாகிவிட்டது. நான்காவது ஆள் நோபல் கணக்கில் எதையும் சேர்க்கவில்லை. லூசியனின் இன்னொரு பண்பு கன்ஸ்லிங்கர். அது வேலை செய்ய இரண்டு பேர் வேண்டும், இவனிடம் லூசியன் மட்டும்தான். ஆக லூசியன் எந்தச் சினர்ஜியிலும் பங்கில்லாமல், ஒரு ஸ்டாரில், ஆறு இடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பலகையில் ஒவ்வொரு யூனிட்டாக எடுத்து, "இவனை எடுத்துவிட்டால் இடது பக்கப் பட்டியலில் எது அணையும்?" என்று கேளுங்கள். எதுவும் அணையாது என்றால், அவன் நன்றாக அடிக்கிறானா அல்லது அடி தாங்குகிறானா என்று சேதக் கணக்கில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது காலி இடம்தான்.

லூசியன் விஷயத்தில் பெஞ்சிலேயே பதில் இருந்தது. ப்ரௌம் கிளேஷியல் வகை, ஆஷும் கிளேஷியல். இரண்டு பேர் சேர்ந்தாலே கிளேஷியலின் முதல் படி எரியும். அந்த வகையினர் அடிக்கும்போது எதிராளி சற்று நேரம் உறைந்து நிற்க வாய்ப்பு உண்டு. லூசியனை எடுத்து ப்ரௌமை வைத்தால் நோபல் மூன்று அப்படியே இருக்கும். கேரனும் டேரியஸும் தரும் நைட் இருக்கும், வேய்னும் ஆஷும் தரும் ரேஞ்சர் இருக்கும். நான்காவதாக கிளேஷியல் சேரும். ப்ரௌம் கேடயம் பிடித்து முன்னால் நிற்கிறவன் என்பதால் அடி தாங்க இன்னொரு ஆளும் கிடைக்கிறான்.

இதே அறிகுறிக்கு வேறொரு காரணமும் உண்டு. சொல்லப்போனால் இதுதான் அடிக்கடி நடப்பது. புதியவர்கள் சினர்ஜி எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், ஸ்டாரைப் பார்ப்பதில்லை. ஒரே யூனிட் மூன்று சேர்ந்தால் இரண்டு ஸ்டார் ஆகும், அதன் ஹெல்த் 1.8 மடங்காகும், அடியும் கூடும். முதல் இரண்டு மூன்று கட்டங்களில், சினர்ஜி சரியாகப் பொருந்தாத இரண்டு ஸ்டார் யூனிட்டுகள் நாலு இருந்தால், சினர்ஜி பொருந்திய ஒரு ஸ்டார் அணியைச் சாதாரணமாக அடித்துவிடும். கையில் இரண்டு ஸ்டார் யூனிட் இருக்கும்போது, "என் காம்போவில் இல்லை" என்று அதை பெஞ்சில் வைத்துவிட்டு, ஒரு ஸ்டார் ஆளை இறக்காதீர்கள். கடைசியில் கட்டப்போகும் அணி வேறு, இன்றைய ரவுண்டைக் காக்கும் அணி வேறு.

அறிகுறி: கையில் எப்போதும் கோல்ட் இல்லை

மற்றவர்கள் எட்டாவது லெவலுக்குப் போகும்போது நீங்கள் ஆறிலேயே நின்றால், பழுது சண்டையில் இல்லை, வட்டியில் இருக்கிறது.

ரவுண்டுக்கு அடிப்படை வருமானம் 5 கோல்ட். அதோடு, கையில் இருக்கும் ஒவ்வொரு 10 கோல்டுக்கும் 1 கோல்ட் வட்டி. அதிகபட்சம் 5, அதாவது 50 கோல்ட் வரைதான் வட்டி ஏறும். இது தவிர தொடர்ந்து ஜெயித்தாலும் தொடர்ந்து தோற்றாலும், வரிசை நீள நீள ரவுண்டுக்கு 3 கோல்ட் வரை கிடைக்கும். ஒன்று மாற்றி ஒன்று ஜெயிப்பதும் தோற்பதும்தான் பணத்துக்குக் கேடு.

வட்டி எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜெயித்த காசு, வரிசைக் காசு எதையும் சேர்க்க வேண்டாம். 10 கோல்ட் கையிலிருக்க, ஆறு ரவுண்ட் செலவே செய்யாமல் இருந்தால் கையிருப்பு 16, 22, 29, 36, 44, 53 என்று ஏறும். ஆறு ரவுண்டில் 43 கோல்ட் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் அவ்வப்போது செலவழித்தவருக்கு வந்தது 30. இந்த 13 கோல்ட் வித்தியாசத்தோடு முடியவில்லை. அதன் பிறகு அவருக்கு ரவுண்டுக்கு 5, இவருக்கு 10. நிஜ ஆட்டத்தில் யாரும் ஆறு ரவுண்ட் சும்மா இருக்கப்போவதில்லை, ஆனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் தெரியும்.

கோல்ட் எங்கே ஒழுகுகிறது? பெரும்பாலும் ரீரோலில். ஷாப்பைப் புதுப்பிக்க 2 கோல்ட். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று அழுத்தும்போது 12 இருந்தது 10 ஆகும், பிறகு 8 ஆகும். அந்த இடத்தில் வட்டியும் போய்விடுகிறது. அதைவிட மோசம், தவறான லெவலில் ரீரோல் செய்வது. ஷாப்பில் எந்த விலை யூனிட் எத்தனை சதவீதம் வரும் என்பது உங்கள் லெவலைப் பொறுத்தது. அந்தச் சதவீதங்கள் ஷாப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஐந்தாவது லெவலில் நின்றுகொண்டு 4 கோல்ட் யூனிட் தேடினால், வரும் வாய்ப்பு மிகச் சொற்பம். அதே காசில் லெவல் ஏறுங்கள். லெவலை ஏற்றும் புள்ளியான எக்ஸ்பி, 4 கோல்டுக்கு 4 கிடைக்கும்.

தம்பியின் கையில் 8 கோல்ட் இருந்தது என்றேன். ஒரு ஸ்டார் யூனிட்டை விற்றால் வாங்கிய விலை முழுதாகத் திரும்பும். லூசியன் விலை 2. அவனை விற்றால் 10 ஆகும், அந்த ரவுண்ட் ஒரு கோல்ட் வட்டி வரும். வீணாக நின்ற ஆளையே விற்றதால் சினர்ஜிக்கு இடமும் கிடைத்தது, வட்டியும் கிடைத்தது. சண்டை தொடங்குவதற்கு முன் கோல்டைப் பார்த்து, கடைசி எண் 8 அல்லது 9 என்றால் பெஞ்சில் விற்கக்கூடியது எது என்று தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஜோடி சேர்ந்து மூன்றாவதுக்குக் காத்திருக்கும் யூனிட்டை மட்டும் ஒரு கோல்ட் வட்டிக்காக விற்றுவிடாதீர்கள்.

அறிகுறி: கோல்ட் 50க்கு மேல், ஹெல்த் 30க்குக் கீழ்

வட்டியைக் கற்றுக்கொண்ட கையோடு எல்லோரும் வந்து மாட்டும் இடம் இது. 50க்கு மேல் வைத்திருக்கும் கோல்டுக்கு வட்டி கிடையாது. 64 கோல்ட் வைத்திருந்தால் 14 சும்மா தூங்குகிறது. 50க்கு மேல் வருவதை அந்தந்த ரவுண்டிலேயே எக்ஸ்பிக்கோ ரீரோலுக்கோ போட்டுவிட வேண்டும்.

ஹெல்த் கரைந்துகொண்டே வந்தால் 50ஐயும் உடைக்க வேண்டும். கட்டம் ஏற ஏறத் தோல்வியின் அடி பெரிதாகிறது. இரண்டாவது கட்டத்தில் தாங்கக்கூடிய தோல்வி, நான்காவது கட்டத்தில் தாங்காது. இன்னும் இரண்டு தோல்வியில் வெளியே போய்விடுவீர்கள் என்ற நிலையில் 5 கோல்ட் வட்டி எதற்கு? என் வழக்கம் இது: ஹெல்த் 40ஐத் தொட்டதும் நிறுத்தி, பலகையில் முக்கியமான இரண்டு யூனிட்டுகள் இரண்டு ஸ்டார் ஆகும் வரை ஒரே மூச்சில் செலவழிப்பேன். ரவுண்டுக்கு 4, 6 என்று சிறுகச் சிறுக உருவினால் அணியும் தேறாது, வட்டியும் போகும்.

அறிகுறி: முக்கியமான யூனிட் முதல் சில வினாடிகளிலேயே சாகிறது

தம்பியின் சேதக் கணக்கில் நான் முதலில் கவனித்தது இதைத்தான். யூனிட்டின் பலத்தைக் கூட்டும் பொருட்கள் மூன்றையும் வேய்னுக்குக் கொடுத்திருந்தான், அது சரி. ஆனால் பட்டியலில் வேய்னின் பட்டை கடைசியிலிருந்து இரண்டாவதாக இருந்தது. இரண்டு ஸ்டார், மூன்று பொருள் உள்ள ஆள் அடிக்கவேயில்லை என்றால், அவளுக்குப் பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை. அடிக்க நேரம் கிடைக்கவில்லை. அது நிற்கும் இடத்தின் பழுது.

அவன் வேய்னைக் கடைசி வரிசையின் மூலையில் தனியாக நிறுத்தியிருந்தான். சாதாரணமாக இது நல்ல இடம். யூனிட்டுகள் தமக்கு அருகில் இருக்கும் எதிரியைத்தான் முதலில் தாக்கும், அதனால் முன்னால் கேரனும் டேரியஸும் நின்றால் மூலையில் நிற்பவர் கடைசியாகத்தான் அகப்படுவார். ஆனால் அன்றைய எதிராளியிடம் அசாசின்கள் இருந்தார்கள். அந்த வகை, சண்டை தொடங்கியதுமே மிகத் தொலைவில் நிற்கும் எதிரியிடம் தாவிவிடும். மூலையில் தனியாக நின்ற வேய்னைச் சுற்றி மூன்று அசாசின் இறங்கியபோது கேரனும் டேரியஸும் முன்னால் வேறு ஆட்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட அணியோடு மோதும்போது தொலைவான மூலையில் அடி தாங்குகிறவரை நிறுத்துங்கள். டேரியஸை அங்கே அனுப்பினோம். வேய்னை மூலையிலிருந்து இரண்டு இடம் உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் ஆஷை வைத்தோம். முன்வரிசையில் கேரன், ஃபியோரா, புதிதாக வந்த ப்ரௌம். தாவி வருகிறவர்கள் முதலில் டேரியஸை வெட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் வேய்னும் ஆஷும் அவர்களைச் சுடுவார்கள்.

இதற்கு எதிராளியின் பலகையை முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஓரத்தில் வரிசையாக இருக்கும் ஆட்டக்காரர்களின் படத்தை அழுத்தினால் அவர்களுடைய பலகை தெரியும். எட்டுப் பேரையும் பார்க்க நேரம் இருக்காது. ஹெல்த் அதிகமுள்ள இருவரையும், உங்களோடு இன்னும் மோதாத ஒருவரையும் பார்த்தால் போதும். தேட வேண்டியது இரண்டுதான்: பின்னால் தாவும் யூனிட் இருக்கிறதா, அவருடைய முக்கிய யூனிட் எந்தப் பக்கம் நிற்கிறது.

இந்த இரண்டாவது கேள்வியில் நிறையப் பேர் திசையை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். எதிராளியின் பலகையைப் போய்ப் பார்க்கும்போது அவர் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். சண்டைக்கு வரும்போது அந்தப் பலகை அரை வட்டம் திரும்பி உங்களுக்கு எதிரே வந்து நிற்கும். அங்கே அவருடைய இடது மூலையில் பார்த்த யூனிட், சண்டையில் உங்கள் வலது பக்கத்தில் இருக்கும். முதல் செட்டில் ப்ளிட்ஸ்கிராங்க் என்ற யூனிட் கொக்கியை வீசி, மிகத் தொலைவில் நிற்பவரைத் தன்னிடம் இழுத்துவிடும். அது எதிராளியின் இடது மூலையில் நின்றால், உங்கள் வலது பக்கம் வரும். அதற்கு மிகத் தொலைவானது உங்கள் பின்வரிசையின் இடது மூலை. அங்கே வேய்ன் நின்றால் எதிரிக் கூட்டத்தின் நடுவில் போய் விழுவாள். அங்கே ஒரு தடியனை வைத்துவிட்டால் கொக்கி அவனை இழுத்துப் போகும், அவனும் அங்கேயே சண்டை போடுவான். திசை தவறாகக் கணக்கிட்டால், பாதுகாப்பு என்று நினைத்து வேய்னை நேராக கொக்கிக்கே கொடுத்துவிடுவீர்கள்.

இன்னொரு சின்ன சோதனை. உங்கள் முக்கிய யூனிட் சாகாமல் கடைசி வரை நிற்கிறது, ஆனாலும் சேதம் குறைவு என்றால், அது எங்கே நடந்து போகிறது என்று பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் அடிக்கும் யூனிட்டைப் பின்வரிசையில் வைத்தால், முன்னால் இருப்பவர்களைச் சுற்றிக்கொண்டு போவதிலேயே நேரம் கழிந்துவிடும். அதை முன்வரிசையின் ஓரத்தில் வையுங்கள்.

அறிகுறி: தேடும் யூனிட் வரவே மாட்டேன் என்கிறது

எட்டுப் பேருக்கும் ஒரே பொதுக் குவியலிலிருந்துதான் யூனிட்டுகள் வருகின்றன. ஒருவர் வாங்கி வைத்திருக்கும் வரை அது குவியலில் இல்லை. மூன்று ஸ்டார் ஆக்க ஒன்பது வேண்டும். உங்களைப் போலவே இன்னும் இரண்டு பேர் வேய்னைச் சேர்த்துக்கொண்டிருந்தால் உங்கள் ரீரோலுக்குப் பலன் குறைவாகத்தான் இருக்கும். மற்றவர்கள் பலகையைப் பார்க்கும்போது இதையும் எண்ணிக்கொள்ளுங்கள். வேறு இருவரிடம் இருந்தால் இரண்டு ஸ்டாரோடு நிறுத்திக்கொண்டு லெவலில் காசைப் போடுவது மேல்.

தம்பி 3-3 ரவுண்டில் வேறொருவரோடு மோதி, ஒரு யூனிட் வித்தியாசத்தில் தோற்றான். முந்தைய ரவுண்டில் எதிராளியிடம் ஐந்து மிச்சம் நின்றதை நினைத்தால் அந்தத் தோல்வி பெரிய முன்னேற்றம். அணியை மேற்கொண்டு கலைக்க விடவில்லை, வட்டியை ஏற்ற மட்டும் சொன்னேன். நாலாவது கட்டத்தில் அந்த அசாசின்காரர் மறுபடி வந்தார். மூவரும் மூலைக்குத் தாவினார்கள், டேரியஸ் செத்தான், அவர்கள் திரும்புவதற்குள் ஆஷின் அடியில் ஒருவன் உறைந்து நின்றான். சண்டை முடிந்தபோது எங்கள் பக்கம் மூன்று பேர் மிச்சம். தம்பி தானாகவே சேதக் கணக்கைத் திறந்து பார்த்தான். வேய்னின் பட்டை எல்லாவற்றையும்விட நீளமாக மேலே இருந்தது.